84-ஆ, 86.35-ஆ? ஒரு ஹெலிக்கல் பினியனின் விட்டக் கணக்கு

காரைக்குடி செக்காலைப் பக்கம் இருக்கும் எங்கள் லேத் பட்டறைக்குப் போன மாசியில் ஒரு சாக்குமூட்டை வந்தது. கொண்டுவந்தவர் கடலை எண்ணெய் மில் வைத்திருக்கும் ஒரு ஆச்சி. மூட்டையை அவிழ்த்தால் உள்ளே மூன்று சாமான். எக்ஸ்பெல்லர் கியர்பாக்ஸின் 78 பல் பெரிய சக்கரம், அதோடு பொருந்தி ஓடும் சின்னச் சக்கரமான, தண்டோடு சேர்ந்த 19 பல் பழைய பினியன், அதற்குப் பதிலாக வேறொரு பட்டறையில் செய்து வாங்கிய புதுப் பினியன். பழையதில் ஒரு பல் அடியோடு பிய்ந்திருந்தது. புதியது முழுசாகத்தான் இருந்தது.

"புதுசு போட்டு பத்து நாள்தான் ஆச்சு தம்பி. உரல்ல இடிக்கிற மாதிரி சத்தம். மோட்டாரைப் போட்டதும் ஒரு தடவை 'டக்'குங்குது, அப்புறம் உருமுது. பழசு இருபது வருஷம் சத்தமே இல்லாம ஓடுச்சு" என்றார் ஆச்சி.

புதுப் பினியனோடு ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. அதில் எழுதியிருந்தது: மாட்யூல் 4, 19 பல், 14 டிகிரி, இடது கை. வெர்னியரை வைத்து வெளிவிட்டம் பார்த்தேன். 84.0. அந்த எண்ணைப் பார்த்ததுமே பாதிக் கதை தெரிந்துவிட்டது. பல் எண்ணிக்கையோடு 2-ஐக் கூட்டி, பல்லின் பருமனைச் சொல்லும் எண்ணான மாட்யூலால் பெருக்கினால் 4 × 21 = 84. நேர்ப்பல் சக்கரத்துக்கு, அதாவது ஸ்பர் கியருக்கு, இது சரியான கணக்கு. சாய்ந்த பல்லுக்கு இது பொருந்தாது.

ஆனாலும் பாதிக் கதையை வைத்துப் புதுப் பினியன் செய்ய முடியாது. உண்மையான விட்டம் எவ்வளவு என்று காட்ட வேண்டும், சீட்டில் உள்ள 4-ம் 14-ம் நம்பத்தக்கவையா என்றும் பார்க்க வேண்டும். பட்டறையில் ஐ.டி.ஐ. முடித்த தம்பி ஒருவன் இருக்கிறான். அவனைக் கூட வைத்துக்கொண்டு இதை வரிசையாகப் பார்த்தோம்.

முதலில் மாட்யூல். ஹெலிக்கல் சக்கரத்தில் இரண்டு மாட்யூல் உண்டு என்பதைத் தம்பி படித்திருக்கிறான், ஆனால் எதற்கு இரண்டு என்று கேட்டால் விழித்தான். அவன் அம்மா கட்டியிருக்கும் கண்டாங்கிச் சேலையை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். சேலையில் பட்டைக் கோடு ஓடுகிறது. கோட்டுக்குக் குறுக்கே நேராக ஸ்கேலை வைத்து அளந்தால் பட்டையின் அகலம் ஒன்று. அதே ஸ்கேலைச் சற்றுச் சாய்த்து வைத்து அளந்தால் அகலம் கூடுதலாக வரும். பட்டை மாறவில்லை, அளக்கும் திசைதான் மாறியது. எவ்வளவு கூடும் என்றால், நேர் அகலத்தைச் சாய்வுக் கோணத்தின் கொசைனால் வகுத்த அளவு.

ஹெலிக்கல் சக்கரத்தை அப்படி ஒரு சேலைத் துண்டைக் குழாயில் சாய்வாகச் சுற்றியதாக நினைத்துக்கொள்ளலாம். பல்லை வெட்டும் ஹாப், பல்லின் ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கிறது. ஹாப்பில் பொறித்திருக்கும் 4 அந்தத் திசையின் அளவு. அதுதான் நார்மல் மாட்யூல். ஆனால் சக்கரத்தின் முகத்தைப் பார்த்து, சுற்றளவில் 19 பல்லை எண்ணும்போது நாம் தண்டுக்குக் குறுக்கே அளக்கிறோம். பல்லுக்கு அது சாய்ந்த திசை. அங்கே ஒரு பல்லுக்கு ஆகும் இடம் கூடுதல். அதுதான் ட்ரான்ஸ்வர்ஸ் மாட்யூல். சுற்றளவு அந்தத் திசையில்தான் மூடுகிறது, ஆகவே பிட்ச் விட்டம், அதாவது இரண்டு சக்கரமும் வழுக்காமல் உருள்வதாகக் கணக்கில் வைக்கும் வட்டத்தின் விட்டம், ட்ரான்ஸ்வர்ஸ் மாட்யூலிலிருந்துதான் வரும். ஆனால் பல்லின் உயரத்தை வெட்டுவது ஹாப், அதனால் தலை உயரம் நார்மல் மாட்யூலிலேயே நிற்கும். கீழே mn நார்மல் மாட்யூல், mt ட்ரான்ஸ்வர்ஸ் மாட்யூல், β பல்லின் சாய்வான ஹெலிக்ஸ் கோணம், z பல் எண்ணிக்கை, d பிட்ச் விட்டம், da வெளிவிட்டம்.

```
mt = mn / cos β
d  = z × mt
da = d + 2 × mn
```

மூன்றாவது வரியில்தான் படித்தவர்களும் வழுக்குவார்கள். தம்பி da = mt × (z + 2) என்று போட்டு 86.60 கொண்டுவந்தான். சரியான விடை 86.35. கால் மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. அந்தக் கால் மில்லியில் பாதி, எதிர்ச் சக்கரத்தின் பல்லடியில் விட்டிருக்கும் இடைவெளியைத் தின்னும்.

இப்போது mn உண்மையிலேயே 4-தானா? இதைக் கோணம் தெரியாமலே கண்டுபிடிக்கலாம். பெரிய சக்கரத்தில் அதிகம் தேயாத இடமாகப் பார்த்து, வெர்னியரின் இரண்டு தாடைகளுக்குள் 10 பல்லை அடக்கி, பல்லின் ஓட்டத்துக்குக் குறுக்கே சாய்த்துப் பிடித்து அளந்தோம். 116.80 வந்தது. பிறகு 9 பல்லை அடக்கினோம். 104.99. வித்தியாசம் 11.81. இந்த வித்தியாசம் π × mn × cos 20°. மாட்யூல் 4, பல்லின் பக்கவாட்டுச் சரிவைச் சொல்லும் அழுத்தக் கோணம் 20 டிகிரி என்றால் கணக்குப்படி 11.81 வரவேண்டும். வந்துவிட்டது. பழைய மில்களில் அங்குலக் கணக்குச் சக்கரம் நிறையக் கிடக்கிறது. பிட்ச் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்று சொல்லும் டி.பி. 6-ஆக இருந்திருந்தால் 12.50 வந்திருக்கும். மாட்யூல் 4-ஆகவே இருந்து அழுத்தக் கோணம் பதினாலரை டிகிரியாக இருந்தால் 12.17. குழப்பத்துக்கு இடமே இல்லை. 10 பல்லை அளக்கச் சக்கரத்துக்குக் கொஞ்சம் அகலம் வேண்டும். குறைந்த அகலச் சக்கரத்தில் வெர்னியரைச் சாய்க்கும்போது ஒரு தாடை வெளியே வழுகிவிடும். இது 40 மி.மீ. அகலம், தேவை சுமார் 27, தாராளம்.

அடுத்தது கோணம். இங்கேதான் நேரம் போனது.

தம்பி பழைய பினியனின் பல்முனைகளில் மை தடவி, ஒரு வெள்ளைத்தாளில் ஸ்கேல் ஓரமாக நேராக உருட்டினான். தாளில் சாய்கோடுகள் வரிசையாக விழுந்தன. புரொட்ராக்டரை வைத்துத் தண்டின் திசைக்கும் கோட்டுக்கும் இடையே பார்த்தால் பதினைந்தரை டிகிரி. மூன்று தடவை உருட்டினான், அதேதான். "அண்ணே, சீட்டுல 14-ன்னு தப்பா எழுதியிருக்காங்க. கோணம்தான் கோளாறு" என்றான் சந்தோஷமாக.

நான் பெரிய சக்கரத்தையும் அதே மாதிரி உருட்டச் சொன்னேன். அதில் சுமார் பதினாலரை வந்தது. சந்தோஷம் போய்விட்டது. இணையான தண்டுகளில் ஒன்றோடொன்று பொருந்தி ஓடும் இரண்டு சக்கரங்களுக்கும் ஹெலிக்ஸ் கோணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், ஒன்று இடது கை, மற்றது வலது கை என்பதுதான் வித்தியாசம். இங்கே ஒன்று பதினைந்தரை, இன்னொன்று பதினாலரை, சீட்டு 14. மூன்று சாட்சி, மூன்று வாக்குமூலம்.

மூன்றும் பொய் இல்லை. மை படிவது பல்லின் முனையில். ஹெலிக்ஸ் கோணம் என்று கணக்கில் வருவது பிட்ச் விட்டத்தில் உள்ள கோணம். பல் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எவ்வளவு நீளம் ஓடுகிறதோ அந்த லீட், பல்லின் அடியிலும் முனையிலும் ஒன்றேதான். ஆனால் முனையில் சுற்றளவு அதிகம். அதே நீளத்துக்குள் கூடுதல் சுற்றளவைக் கடக்க வேண்டியிருப்பதால் முனையில் பல் கூடுதலாகச் சாய்கிறது. மாடிப்படி வளைந்து ஏறும் வீட்டில் உள்பக்கக் கைப்பிடி செங்குத்தாகவும் வெளிப்பக்கக் கைப்பிடி படுத்தும் போவது இதனால்தான்.

```
tan(β முனை) = tan β × da / d
```

சிறிய சக்கரத்தில் முனைக்கும் பிட்ச் வட்டத்துக்கும் உள்ள விகிதம் பெரிது, அதனால் பினியனில் பிழை பெரிது. 78 பல் சக்கரத்தில் அந்த விகிதம் ஒன்றுக்கு மிக நெருக்கம், பிழையும் சிறிது. மை தடவித்தான் பார்க்க வேண்டும் என்றால் பெரிய சக்கரத்தில் பாருங்கள். பார்த்துவிட்டு da / d திருத்தத்தையும் போடுங்கள்.

திருத்தம் போட்டாலும் மை உருட்டல் அரை டிகிரிக்கு மேல் துல்லியம் தராது. அது எவ்வளவு பெரிய பிழை? இந்தச் சோடியில் கோணம் ஒரு டிகிரி பிசகினால் இரு தண்டுகளின் மையத் தூரம் கணக்கில் 0.87 மி.மீ. நகர்கிறது. அரை டிகிரிக்குக் கிட்டத்தட்ட 0.44. கியர்பாக்ஸ் உடலில் பேரிங் துளைகள் ஏற்கெனவே போட்டாயிற்று, அவை நகரப் போவதில்லை. ஆகவே கோணத்தை அளந்து மையத் தூரத்தைக் கண்டுபிடிக்கும் வழி தலைகீழ். மையத் தூரத்தை அளந்து கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மையத் தூரத்தை நூறில் இரண்டு மூன்று பங்கு மில்லிக்குள் அளந்துவிடலாம். அந்தத் துல்லியம் கோணத்தில் ஒன்றரை இரண்டு நிமிடத்துக்குச் சமம். எந்தப் புரொட்ராக்டரும் நம் பட்டறையில் அதைத் தராது.

மறுநாள் மில்லுக்கே போனோம். கியர்பாக்ஸ் மூடி கழற்றிக் கிடந்தது. பேரிங்குகளில் அளவான இரண்டு கம்பிகளை மாட்டினோம், ஒன்று 50 மி.மீ., மற்றது 80 மி.மீ. இரண்டுக்கும் வெளிப்புறத்தோடு வெளிப்புறமாகப் பெரிய வெர்னியரால் அளந்தால் 265.0. அதிலிருந்து இரு கம்பிகளின் பாதியான 25-ஐயும் 40-ஐயும் கழித்தால் மையத் தூரம் 200.0. இரண்டு முனையிலும் அளந்து பார்த்தோம், இணையாகத்தான் இருந்தன.

200 என்ற முழு எண் வந்ததும் மனசு லேசானது. வடிவமைத்தவர் மையத் தூரத்தை முழு எண்ணாக வைத்துக்கொண்டு, ஹாப்பும் கடையில் கிடைக்கும் முழு மாட்யூலாக இருக்க, மிச்சத்தைச் சரிக்கட்டக் கோணத்தை வளைத்திருக்கிறார்.

```
cos β = mn × (z1 + z2) / (2 × a)
      = 4 × (19 + 78) / (2 × 200)
      = 388 / 400 = 0.97
β = 14.07° = 14° 4′
```

14 டிகிரி 4 நிமிடம் என்ற விநோதமான கோணம் எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்பதுண்டு. பிறந்த இடம் இந்த 0.97-தான். ஒரு எச்சரிக்கை: 14° 4′ என்பதைக் கால்குலேட்டரில் 14.4 என்று தட்டக் கூடாது. தட்டினால் மையத் தூரம் 200.29 ஆகிவிடும். நிமிடத்தை 60-ஆல் வகுத்தபின் தட்டுங்கள்.

இனி மிச்சம் பெருக்கலும் வகுத்தலும்தான்.

```
mt = 4 / 0.97        = 4.1237
d1 = 19 × 4.1237     = 78.35
d2 = 78 × 4.1237     = 321.65
da1 = 78.35 + 8      = 86.35
da2 = 321.65 + 8     = 329.65
```

இரண்டு பிட்ச் விட்டத்தையும் கூட்டினால் 400, பாதி 200. இந்தக் கூட்டல் சரியாக வராவிட்டால் வேறு எதையும் தொடாமல் திரும்பிப் போய்க் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மையையும் இந்த எண்களால் சோதித்தோம். tan 14.07° என்பது 0.2506. பினியனில் அதை 86.35 / 78.35-ஆல் பெருக்கினால் முனைக் கோணம் 15.4 டிகிரி. பெரிய சக்கரத்தில் 14.4. தம்பியின் தாளில் பதினைந்தரையும் பதினாலரையும். அவன் கை நன்றாகத்தான் உருட்டியிருக்கிறது, தப்பான உயரத்தின் கோணத்தைச் சரியாக அளந்திருக்கிறான். அந்தப் பதினைந்தரையை அப்படியே கணக்கில் போட்டிருந்தால் மையத் தூரம் 201.3 வந்திருக்கும். வெட்டிய பல்லும் 40 மி.மீ. அகலத்தில் ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு, மறு ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றிருக்கும்.

ஆனால் இந்த மையத் தூர வழிக்கு ஒரு எல்லை உண்டு. சோடியில் ப்ரொஃபைல் ஷிஃப்ட் கொடுத்திருந்தால், அதாவது வேண்டுமென்றே ஹாப்பை உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ பல் வெட்டியிருந்தால், 0.97 என்ற விடை அர்த்தமற்றுப் போகலாம். அதனால் அப்படி ஒன்றும் இல்லை என்பதை வேறு வழியில் உறுதிப்படுத்த வேண்டும். பெரிய சக்கரத்தின் வெளிவிட்டம் 329.5 வந்தது, கணக்கு 329.65. பழைய பினியனில் பல் எண்ணிக்கை ஒற்றைப்படை, ஒரு பல் வேறு போய்விட்டது, எதிரெதிரே வெர்னியர் வைக்க வழியில்லை. தண்டின் மேற்பரப்பிலிருந்து பல்முனைவரை ஆழ அளவியால் அளந்து, தண்டின் அரைவிட்டத்தைக் கூட்டினோம். இரட்டிப்பாக்கினால் 86.2, கணக்கு 86.35. அதோடு 10 பல் அளவு ஷிஃப்ட் இல்லாமல் 116.95 இருக்க வேண்டும், நாம் அளந்தது 116.80. அந்த 0.15 சக்கரங்கள் இறுகாமல் ஓடுவதற்காகப் பல்லைச் சற்று மெலித்து வெட்டியது. எல்லாம் ஒரே பக்கம் சாட்சி சொல்கின்றன, ஷிஃப்ட் இல்லை.

இங்கே இன்னொரு அடையாளமும் சொல்ல வேண்டும். ஹெலிக்கல் என்று தெரியாமல் ஸ்பர் சூத்திரத்தைப் போட்டு மாட்யூல் தேடினால், வெளிவிட்டத்தைப் பல் + 2-ஆல் வகுப்பார்கள். பினியனில் 86.35 / 21 = 4.112, பெரிய சக்கரத்தில் 329.65 / 80 = 4.121. நேர்ப்பல் சோடியில் இரண்டும் ஒரே எண்ணாக வரும். ஒரே சோடியில் இரண்டு மாட்யூல் வந்தால், அதுவும் இரண்டும் வாய்க்குள் நுழையாத எண்ணாக வந்தால், ஹாப் தேடிக் கடைக்கு ஓட வேண்டாம். அது சூத்திரம் தப்பு என்பதற்கு அறிகுறி.

இனி அந்த 84 மி.மீ. பினியனுக்கு வருவோம். ஹாப் போட்டவர் சீட்டில் இருந்தபடி மாட்யூல் 4, 14 டிகிரிக்கு மிஷினை அமைத்திருக்கிறார். 4 நிமிட வித்தியாசம் 40 மி.மீ. அகலத்தில் நூறில் ஐந்து பங்குதான், அதனால் சத்தம் வந்திருக்காது. தவறு, பல் வெட்டுவதற்காக 84-க்குக் கடைந்து அவருக்கு வந்து சேர்ந்த உருளையில். முனையைத் தொட்டுப் பூஜ்யம் வைத்து, 9 மி.மீ. ஆழம் இறக்கியிருப்பார். உருளை ஆரத்தில் 1.175 மி.மீ. குறைவு, ஆகவே ஹாப் இருக்க வேண்டிய இடத்தைவிட 1.175 மி.மீ. மையத்துக்கு அருகில் போய்விட்டது. பிட்ச் வட்டம் எங்கும் போகவில்லை, அது பல் எண்ணிக்கையும் மிஷின் அமைப்பும் முடிவு செய்வது, இன்னும் 78.35-தான். ஆனால் அந்த வட்டத்தில் பல் மெலிந்துவிட்டது. கொடுக்கக் கூடாத எதிர்மறை ஷிஃப்ட்டைத் தெரியாமலே கொடுத்திருக்கிறார்கள்.

மெலிவைக் கையில் அளக்கலாம். இந்தப் பினியனில் 3 பல் அளவு சரியாக இருந்தால் 30.68. புதுப் பினியனில் வெர்னியர் காட்டியது 29.87. கணக்குப்படி 1.175 இறக்கத்துக்கு 0.80 குறைய வேண்டும், ஆக 29.88. நூறில் ஒரு பங்கு வரை பொருந்தியபோது தம்பி என்னைப் பார்த்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை.

மில்லில் அதை மாட்டியும் பார்த்தோம். பெரிய சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, பினியனின் பல்லில் பிட்ச் வட்டத்தில் டயல் கேஜ் வைத்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஊசி ஒரு மில்லிமீட்டர் ஓடியது. மோட்டாரைப் போட்டதும் கேட்ட அந்த 'டக்', இந்த ஒரு மில்லி காலி இடத்தைப் பல் பாய்ந்து கடந்து எதிர்ப்பல்லில் மோதும் ஓசை. கடலை சுமை ஏறி இறங்கும்போதெல்லாம் அது திரும்பவும் மோதும். ஈயக் கம்பியை இரண்டு பல்லுக்கு நடுவே விட்டுக் கையால் சுற்றி, நசுங்கி வந்ததை அளந்தோம். பல்முனைக்கும் எதிர்ப்பல்லின் அடிக்கும் நடுவே நசுங்கிய தடிமன் 2.1 மி.மீ. மாட்யூல் 4-க்கு அங்கே 1 மி.மீ.தான் இருக்க வேண்டும். இந்த ஈயக் கம்பி வைத்தியத்துக்கு மிஷின் வேண்டாம், கணக்குக்கூட அதிகம் வேண்டாம். பினியன் வாங்குகிற மில்காரர் எவரும் செய்து பார்க்கலாம்.

உருமலுக்குக் காரணம் வேறு. பல்முனை ஒன்றேகால் மில்லிக்குச் சற்றுக் குறைவாகக் குட்டையாகிவிட்டதால் ஒரு பல் விடுவதற்குள் அடுத்த பல் வந்து பிடித்துக்கொள்ளும் ஒட்டுநேரம் குறைந்துவிட்டது. கூடவே பல்லின் அடியும் ஹாப்பால் சற்றுக் குடையப்பட்டிருந்தது. 19 பல்லும் இந்தக் கோணமும் உள்ள பினியனில் ஹாப்பை 0.84 மி.மீ.க்கு மேல் உள்ளே இறக்கினால் அடி குடைய ஆரம்பிக்கும், இங்கே 1.175 இறங்கியிருக்கிறது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் பல்லின் கழுத்து லேசாக ஒடுங்கியது தெரிந்தது. பழையது ஒரு பல்லை இருபது வருஷத்தில் இழந்தது. இது அவ்வளவு காலம் தாங்காது.

"இதையே கொஞ்சம் சரிபண்ணி ஓட்ட முடியாதா?" என்று ஆச்சி கேட்டார். செலவழித்த காசு அது. மெலிந்த பல்லைத் தடிக்க வைக்க வழியில்லை. மையத் தூரத்தைக் குறைத்தால் பல் நெருங்கும்தான், ஆனால் அதற்குக் கியர்பாக்ஸ் உடலையே மாற்ற வேண்டும். "முடியாது ஆச்சி" என்று சொல்லிவிட்டேன்.

புதுப் பினியனுக்கு உருளையை 86.35-லிருந்து 86.25-க்குள் கடைந்தோம். ஹாப் போடுகிறவருக்கு இந்த முறை சீட்டு நீளமாகப் போனது: நார்மல் மாட்யூல் 4, அழுத்தக் கோணம் 20 டிகிரி, 19 பல், 14 டிகிரி 4 நிமிடம், இடது கை, லீட் 982.13, பிட்ச் விட்டம் 78.35, வெளிவிட்டம் 86.35, 3 பல் அளவு 30.56. கடைசி எண்தான் முக்கியம் என்று அடியில் கோடு போட்டேன். 30.68-லிருந்து 0.12 கழித்தது, பல் ஓட இடம் விட்டு. முனையைத் தொட்டு ஆழம் இறக்குவதை மட்டும் நம்பினால் உருளையின் பிழை அப்படியே பல்லுக்குப் போகும். 3 பல் அளவைப் பார்த்து நிறுத்தினால் உருளை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பல்லின் தடிமன் தப்பாது. நார்மல் என்ற சொல்லையும் விடாமல் எழுதினேன். வெறும் 'மாட்யூல் 4' என்றால் அதை ட்ரான்ஸ்வர்ஸ் என்று படித்து வேறு கணக்குப் போடவும் ஆள் உண்டு.

வந்த பினியனில் 3 பல் அளவு 30.55. மாட்டியதும் டயல் கேஜில் ஆட்டம் 0.3 மி.மீ. ஈயக் கம்பி 1.05-ஆக நசுங்கியது. பெரிய சக்கரத்துப் பல்லில் நீலம் தடவிச் சுற்றினோம், ஓரத்தில் ஒட்டாமல் நடுவில் நீளமாகத் தடம் விழுந்தது. மூடியைப் போட்டு எண்ணெய் ஊற்றி மோட்டாரைத் தட்டியபோது, ஆச்சி வாசல் திண்ணையில் இருந்து எழுந்து வரவில்லை. ஓடுகிறதா இல்லையா என்று அங்கிருந்தே கேட்டார்.